தால்ச்சாவில் குற்றவாளி பருப்பா, எலும்பா? யூரிக் அமிலம் உள்ளவர்களின் சாப்பாடு பற்றி

ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்த நான்காவது நாள், எங்கள் மஹல்லாவைச் சேர்ந்த ஐம்பத்தாறு வயதுக்காரர் ஒருவர் ஃபஜ்ருக்கு வரவில்லை. அஸருக்கு மகனின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து நாற்காலியில் அமர்ந்தார். வலது கால் பெருவிரலின் அடிமூட்டு சிவந்து பளபளவென்று வீங்கியிருந்தது. "ராத்திரி ரெண்டு மணிக்கு ஆரம்பிச்சது ஹஜ்ரத். போர்வை பட்டாலே உயிர் போகுது. அத்தஹிய்யாத்தில விரலை மடக்கி உட்காரவே முடியலை" என்றார்.

நான் மருத்துவன் அல்ல. ஆனால் என் தகப்பனாருக்கும் இதே நோய் பல வருடங்கள் இருந்ததால் அந்தச் சிவப்பைப் பார்த்ததுமே தெரிந்தது. மருத்துவரிடம் போகச் சொன்னேன். அன்றே எடுத்த இரத்தப் பரிசோதனையில் யூரிக் அமிலம் 6.4 என்று வந்தது. பரிசோதனைக் கூடத்தில் இருந்தவர் "நார்மல்தான்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். வலி உச்சத்தில் இருக்கும்போது இரத்தத்தில் யூரிக் அமிலம் தற்காலிகமாக இறங்கியிருக்கக்கூடும். வலி அடங்கி இரண்டு மூன்று வாரம் கழித்து எடுத்தால்தான் உண்மையான அளவு தெரியும். இவருக்கு அப்படி எடுத்தபோது 9.1 இருந்தது.

மறுவாரம் நலம் விசாரிக்க வீட்டுக்குப் போனேன். அவருடைய மனைவி சமையலறையையே மாற்றிவைத்திருந்தார். பருப்பு கிடையாது, கீரை கிடையாது, காலிஃபிளவர், காளான், பட்டாணி எதுவும் கிடையாது. "பருப்புல யூரிக் அமிலம் இருக்குன்னு வாட்ஸ்அப்பில வந்திச்சு" என்றார். சரி, என்னதான் கொடுக்கிறீர்கள் என்று கேட்டால், "சோறும் ரசமும்தான். உடம்பு தெம்பில்லாம போயிடுச்சேன்னு தினமும் ஒரு கிண்ணம் ஆட்டுக்கால் சூப் வச்சுக் கொடுக்கிறேன்" என்றார். விலக்க வேண்டியதை ஊற்றிக் கொடுத்து, சாப்பிட வேண்டியதை நிறுத்தியிருந்தார். அன்பினால் நடந்த தவறுதான். ஆனால் நம் வீடுகளில் மிகச் சாதாரணமாக நடப்பது.

இது ஏன் தவறு என்று புரிய, நோயின் அடிப்படையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். பியூரின் என்பது உயிரணுக்கள் எல்லாவற்றிலும் உள்ள ஒரு பொருள். அது உடைந்து கடைசியில் யூரிக் அமிலமாகிறது. உடலில் உண்டாகும் யூரிக் அமிலத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நம் சொந்த உயிரணுக்களிலிருந்தே வருகிறது. சாப்பாட்டின் பங்கு மூன்றில் ஒன்று போலத்தான். பெரும்பகுதியைச் சிறுநீரகம் வெளியேற்றுகிறது. வெளியேறாமல் தேங்கி, இரத்தத்தில் 6.8-ஐத் தாண்டினால் அது கரைந்த நிலையில் நிற்க முடியாமல் ஊசி ஊசியான படிகங்களாக மூட்டில் படியத் தொடங்கும். கால் பெருவிரல் உடலின் மற்ற இடங்களைவிடக் குளிர்ச்சியானது. குளிரில் படிகம் எளிதாகப் படியும். முதல் வலி பெரும்பாலும் அங்கே, அதுவும் இரவில் வருவதற்கு இது ஒரு காரணம். இதைத்தான் கவுட் என்கிறார்கள்.

இப்போது பருப்புக்கு வருவோம். பருப்பில் பியூரின் இருப்பது உண்மை. உணவுப் பட்டியல்களில், உலர்ந்த பருப்பு 100 கிராம் ஏறக்குறைய 100 முதல் 130 மில்லிகிராம் யூரிக் அமிலத்தை உண்டாக்கும் என்று போட்டிருக்கும். உளுந்து, பச்சைப்பயறு இன்னும் அதிகம், 200-ஐத் தாண்டும். ஆட்டுக்கறிக்கு 180 அளவில் இருக்கும். பட்டியலைப் பார்ப்பவர் "கறியும் பருப்பும் ஒன்றுதான் போல" என்று முடிவுகட்டிவிடுகிறார். ஆனால் அந்த அளவு உலர்ந்த பருப்புக்கு. யாராவது ஒரு வேளைக்கு 100 கிராம் பருப்பைச் சாப்பிடுகிறோமா? ஒருவர் தட்டில் விழும் சாம்பாரில் பச்சையாக அளந்தால் 20, 30 கிராம் பருப்புதான் இருக்கும். வெந்தபின் தண்ணீர் குடித்துப் பெருகித்தான் ஒரு கிண்ணமாகத் தெரிகிறது. கறியோ ஒரு வேளையில் 150 கிராம் சாதாரணமாக உள்ளே போய்விடும். பெருநாளில் சொல்லவே வேண்டாம்.

அளவு மட்டுமல்ல, விளைவும் வேறு. அமெரிக்காவில் மருத்துவத் துறையில் இருந்த 47,000-க்கும் மேற்பட்ட ஆண்களை 12 வருடம் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2004-ல் வெளியானது. இறைச்சியும் கடல் உணவும் அதிகம் சாப்பிட்டவர்களுக்கு கவுட் அதிகமாக வந்தது. பியூரின் உள்ள காய்களும் பருப்பு, பட்டாணி வகைகளும் சாப்பிட்டவர்களுக்கு அப்படிக் கூடவில்லை. கொழுப்பு குறைந்த பால், தயிர் சாப்பிட்டவர்களுக்குக் குறைந்தே இருந்தது. சிங்கப்பூரில் சீனர்களிடம் நடந்த நீண்டகால ஆய்விலும் பயறு வகை அதிகம் சாப்பிட்டவர்களுக்கு கவுட் குறைவாகத்தான் வந்திருக்கிறது. ஆகவே கீரையையும் காலிஃபிளவரையும் கண்டு பயப்படத் தேவையில்லை. கீரையை விலக்கச் சொல்லும் பட்டியல்கள் பெரும்பாலும் ஆக்ஸலேட் வகைச் சிறுநீரகக் கல் உள்ளவர்களுக்கானவை. அது வேறு நோய், வேறு பட்டியல். இரண்டும் கலந்துதான் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது.

அப்படியானால் தால்ச்சா? நம் கல்யாணத் தால்ச்சாவில் துவரம் பருப்பும் கத்தரிக்காயும் மாங்காயும் இருக்கின்றன, கறியோடு கூடிய எலும்பும் இருக்கிறது. கறியை நீரில் நெடுநேரம் வேகவைத்தால் அதிலுள்ள பியூரினில் கணிசமான பகுதி நீருக்குள் இறங்கிவிடும். அந்த நீர்தான் குழம்பாகவும் சூப்பாகவும் பாயாவாகவும் தட்டுக்கு வருகிறது. "கறித் துண்டு எடுக்கலை, குழம்பு மட்டும்தான் ஊத்திக்கிட்டேன்" என்பவர் தப்பித்துவிட்டதாக நினைக்கிறார். பாவம், கறியிலிருந்து இறங்கியது அந்தக் குழம்பில்தான் இருக்கிறது.

எல்லாவற்றையும்விட முதலில் விட வேண்டியது உள்ளுறுப்புகள். மாட்டு ஈரல் 100 கிராம் 500 மில்லிகிராமுக்கு மேல் யூரிக் அமிலம் தரும். ஆட்டு மண்ணீரல் அதைவிடவும் அதிகம். குர்பானி கொடுத்த வீட்டில் முதல் நாள் காலையில் ஈரல் வறுவல்தானே நாஷ்டா! நம்மவர் அந்த நான்கு நாளில் ஈரல், குடல், பாயா, பிரியாணி என்று ஒன்றையும் விடவில்லை. கூடவே வெயிலில் அலைந்து தண்ணீர் குறைவாகக் குடித்திருக்கிறார், விருந்துக்கு விருந்து சர்பத்தும் பாட்டில் குளிர்பானமும். சர்க்கரையில் உள்ள ஃப்ரக்டோஸ் என்ற பாதி, கல்லீரலில் செரிக்கும்போதே யூரிக் அமிலத்தை உண்டாக்கும். கறியே சாப்பிடாத ஒருவருக்கும் குளிர்பானத்தால் அளவு ஏறும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. மீனில் நெத்திலி, மத்தி, அவற்றின் கருவாடு ஆகியவற்றை ஒதுக்குவது நல்லது. வளைகுடாவிலிருந்து வரும் சகோதரர்கள் விரும்பிக் குடிக்கும் போதையில்லாத மால்ட் பானங்களிலும் பியூரின் உண்டு. ஹலால் என்பது வேறு, இந்த நோய்க்கு ஒத்துவருமா என்பது வேறு.

அவர் மனைவியோடு உட்கார்ந்து ஒரு நாள் சாப்பாட்டை எழுதினோம். காலையில் நான்கு இட்லி, தேங்காய்ச் சட்னி. நான்கு இட்லிக்குள் உளுந்து சுமார் 20 கிராம்தான் இருக்கும். பதினொரு மணிக்கு வெண்ணெய் எடுத்த மோர் ஒரு பெரிய டம்ளர். மதியம் சோறு, 30 கிராம் துவரம் பருப்பில் சுரைக்காய்க் கூட்டு, முருங்கைக்கீரை அல்லது அவரைக்காய்ப் பொரியல், தயிர். மாலையில் ஒரு கைப்பிடி கொண்டைக்கடலைச் சுண்டல், சர்க்கரை இல்லாத காபி. இரவில் இரண்டு சப்பாத்தி, முட்டை ஒன்று, காய்க் குருமா. முட்டையில் பியூரின் மிகக் குறைவு, அதனால் தெம்புக்குச் சூப்பைத் தேட வேண்டியதில்லை. உளுந்து, துவரை, கடலை மூன்றையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் நாள் முழுக்க 115 மில்லிகிராம் அளவில் வருகிறது. 20 கிராம் மாட்டு ஈரலில், அதாவது இரண்டு சிறு துண்டில், ஏறக்குறைய இதே அளவு இருக்கிறது. "இதுக்கா நான் பருப்பை நிறுத்தினேன்" என்று அந்த அம்மா தலையில் கைவைத்துக்கொண்டார்.

கறியே கூடாதா என்று கேட்டார். வாரம் இரண்டு முறை, சின்னத் துண்டாக மூன்று, முதலில் வேகவைத்து அந்த நீரைக் கொட்டிவிட்டு மசாலாவில் பிரட்டியது என்று மருத்துவர் அனுமதித்தார். ருசி போய்விடும் என்பது உண்மை. தண்ணீர் ஒரு நாளைக்கு இரண்டு, இரண்டரை லிட்டர். இருதயம் அல்லது சிறுநீரகப் பலவீனத்துக்காகத் தண்ணீரைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்களுக்கு இது பொருந்தாது. சிறுநீரக நோய் இருந்தால் பருப்பின் அளவையும் கீரையையும் மருத்துவர்தான் சொல்ல வேண்டும், நான் எழுதியதை வைத்து முடிவெடுக்கக் கூடாது. எடை குறைக்கிறேன் என்று நாள் கணக்கில் பட்டினி கிடப்பதும் ஆகாது. பட்டினியில் யூரிக் அமிலம் வெளியேறுவது குறைந்து அளவு ஏறும்.

ஆறு வாரம் இப்படிச் சாப்பிட்டபின் 9.1 என்பது 8.2 ஆனது. அவர் மனம் சோர்ந்துவிட்டார். ஆனால் சாப்பாட்டால் மட்டும் பெரும்பாலும் இறங்குவது ஏறக்குறைய ஒரு புள்ளிதான். உடலே உண்டாக்கும் பங்கைச் சாப்பாடு தொடுவதில்லை அல்லவா? படிகம் கரைய வேண்டுமானால் அளவு 6-க்குக் கீழே வர வேண்டும். மருத்துவர் அல்லோபியூரினால் 100 மில்லிகிராமில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டினார். இரத்த அழுத்தத்துக்கு அவர் சாப்பிட்டுவந்த சிறுநீர் பெருக்கி மாத்திரையும் யூரிக் அமிலத்தை ஏற்றக்கூடியது என்று சொல்லி அதை மாற்றிக் கொடுத்தார். இதை நாமாக நிறுத்தக் கூடாது.

மாத்திரை தொடங்கிய இரண்டாம் மாதத்தில் மறுபடி ஒரு வலி வந்தது. "மருந்துதான் வலியை உண்டாக்குது" என்று நிறுத்தப் பார்த்தார். பழைய படிகங்கள் கரையத் தொடங்கும்போது அப்படி வரும், நிறுத்தாமல் தொடருங்கள் என்று மருத்துவர் விளக்கி, கோல்சிசின் துணை மருந்தைச் சில மாதங்கள் கொடுத்தார். அல்லோபியூரினால் தொடங்கியவர்களுக்குத் தோலில் தடிப்பு, வாய்ப்புண், காய்ச்சல் வந்தால் மட்டும் உடனே நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். இவருக்கு அப்படி எதுவும் இல்லை. எட்டாம் மாதம் 5.6.

ரமளானில் நோன்புக் கஞ்சியைப் பற்றிக் கேட்டார்கள். பள்ளிவாசல் கஞ்சியில் கறி போடும் நாட்களில் அவர் எடுத்துக்கொள்வதில்லை. வீட்டில் பச்சரிசி, ஒரு பிடி பாசிப்பருப்பு, வெந்தயம், கேரட், தேங்காய்ப்பால் சேர்த்துத் தனியாகக் காய்ச்சுகிறார்கள். இஃப்தாருக்குச் சர்பத் இல்லை, தண்ணீரும் எலுமிச்சையும் உப்பும்தான். இஃப்தாரிலிருந்து ஸஹர் வரை ஒரு பாட்டிலில் அளந்து வைத்து இரண்டு லிட்டரைக் குடித்துமுடிக்கிறார். இந்த வருடப் பெருநாளுக்கு அவர் வீட்டில் தால்ச்சாவும் இருந்தது. பருப்பு, கத்தரிக்காய், வாழைக்காய், மாங்காய் போட்டு, எலும்பு இல்லாமல். நானும் சாப்பிட்டேன். புளி கொஞ்சம் தூக்கலாக இருந்தது, மற்றபடி குறையில்லை.