பால் குடிக்கும் முன் இரண்டு சொட்டு உப்புநீர்

பசியோடு மார்பில் வாய் வைக்கிற கைக்குழந்தை, நாலு மடக்கு உறிஞ்சியதுமே தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு வீறிடுகிறது. மறுபடி வாய் வைக்கிறது, மறுபடி விடுகிறது. "பால் பத்தலையோ", "வயித்து வலியோ" என்று வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். குழந்தைக்குச் சளி பிடித்திருந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் மூக்கு.

பிறந்த முதல் சில மாதங்களில் குழந்தைகள் பெரும்பாலும் மூக்கால்தான் மூச்சு விடுகிறார்கள். பால் குடிக்கும்போது உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சு விடுவது மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக இடைவிடாமல் நடக்கின்றன. வாய் பாலில் இருப்பதால் காற்றுக்கு மூக்கை விட்டால் வேறு வழியில்லை. அந்த வழியோ மிகக் குறுகல். உள்சதை லேசாக வீங்கி, அதன்மேல் கொஞ்சம் சளியும் ஒட்டினாலே பாதி அடைத்துவிடும். பெரியவர்களைப்போல் மூக்கைச் சிந்தவும் குழந்தைக்குத் தெரியாது.

எல்.கே.ஜி. படிக்கும் அண்ணனிடமிருந்து சளி தொற்றிய மூன்று மாதக் குழந்தை ஒன்றை எடுத்துக்கொள்வோம். காய்ச்சல் இல்லை, விளையாடுகிறது, சிரிக்கிறது. ஆனால் வழக்கமாகக் கால் மணி நேரம் குடிக்கிற குழந்தை இப்போது இரண்டு நிமிடத்தில் விட்டுவிடுகிறது. இதற்குக் குழந்தை மருத்துவர்கள் முதலில் சொல்வது சலைன் டிராப்ஸ், அதாவது உப்புநீர்ச் சொட்டு. மெடிக்கல் ஷாப்பில் சின்ன பாட்டிலில் கிடைக்கும். பெரும்பாலும் 0.65 சதவீத சோடியம் குளோரைடு. வேறு மருந்து எதுவும் அதில் கிடையாது.

வாங்கும்போது லேபிளைப் படித்தே ஆக வேண்டும். ஒரே பிராண்டு பெயரில் உப்புநீரும் வரும், மூக்கடைப்பை நீக்கும் ஆக்ஸிமெட்டாசோலின், ஸைலோமெட்டாசோலின் போன்ற மருந்துகளும் வரும். பாட்டில்கள் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். இந்த மருந்துகள் ரத்தக் குழாய்களைச் சுருக்குபவை. கைக்குழந்தையின் உடலில் அளவு மீறிச் சேர்ந்தால் அசாதாரணத் தூக்கம், இதயத் துடிப்பு குறைவது, மூச்சு மந்தமாவது வரை போகும். மருத்துவர் எழுதித் தராமல் இவற்றைத் தொடக்கூடாது. "மூக்குச் சொட்டு மருந்து கொடுங்க" என்று பொதுவாகக் கேட்காமல் "குழந்தைக்குச் சலைன்" என்றே கேட்டு, பெயரையும் சரிபார்த்து வாங்குவது நல்லது.

சொட்டு விடுவதற்கு ஏற்ற நேரம் பாலுக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் முன்பு. பால் குடித்த கையோடு மூக்கைக் குடைந்தால் குடித்ததெல்லாம் வாந்தியாக வெளியே வரும். பாட்டிலைச் சிறிது நேரம் உள்ளங்கையில் வைத்திருந்தால் குளிர்ச்சி போகும். கையை உதறாதபடி துண்டால் சுற்றி, குழந்தையை மல்லாக்கப் படுக்க வைத்து, முகவாயைச் சற்றே உயர்த்தி, ஒவ்வொரு துவாரத்திலும் இரண்டு சொட்டு விட வேண்டும். பாட்டில் முனை மூக்கில் படக்கூடாது. பட்டால் கிருமி பாட்டிலுக்குள் போய்விடும். பிறகு ஒரு நிமிடம் பொறுத்தால் காய்ந்த பொருக்கு ஊறி இளகும்.

பல குழந்தைகளுக்கு இதுவே போதும். இரண்டு தும்மல் போட்டதும் சளி தானாக வெளியே வரும், அல்லது தொண்டை வழியாக உள்ளே போகும். விழுங்கிய சளியால் கெடுதல் இல்லை. வாசலுக்கு வந்ததைத் துணியால் துடைத்துவிட்டுப் பால் கொடுக்கலாம்.

அப்படியும் மூச்சு கொரகொரவென்றிருந்தால்தான் உறிஞ்சும் பல்ப். ரப்பர் பல்பை மூக்குக்கு வெளியே வைத்தே அழுத்திக் காற்றை வெளியேற்ற வேண்டும். அழுத்தியபடியே முனையைத் துவாரத்தின் வாசலில் வைத்து, விரல்களை மெல்லத் தளர்த்தினால் சளி உள்ளே ஏறும். முனையை வைத்த பிறகு அழுத்துவதுதான் பலரும் செய்கிற பிழை. அப்போது வருகிற காற்று சளியை இன்னும் உள்ளே தள்ளிவிடும். முனை நடுச்சுவரில் இடிக்கக்கூடாது, ஆழமாகவும் போகக்கூடாது. வந்த சளியை டிஷ்யூவில் பீச்சிவிட்டு அடுத்த பக்கம் பார்க்கலாம். நம் குழந்தைக்கு இவ்வளவும் முடிந்து, அழுகை அடங்கிய பிறகு மார்பில் விட்டால், வாய் வைத்த பிடியைத் தளர்த்தாமல் தொடர்ந்து குடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். குடித்தால் பலன் கிடைத்தது என்று பொருள். மூக்கில் சத்தம் நின்றதா என்பது அவ்வளவு முக்கியமில்லை.

நன்றாகக் குடித்து, நன்றாகத் தூங்கும் குழந்தைக்கு மூக்கில் லேசாகச் சத்தம் வந்தால் எதுவுமே செய்ய வேண்டியதில்லை. பச்சிளம் குழந்தைகளிடம் இந்தச் சத்தம் சகஜம். பல்ப் வைப்பது ஒரு நாளைக்கு மூன்று, நான்கு முறைக்கு மேல் போகாமல் இருக்கட்டும். மேலும் மேலும் உறிஞ்சினால் உள்சதை புண்பட்டு வீங்கும், அடைப்பு கூடும். சளியில் ரத்தக் கீற்று தெரிந்தால் பல்பை அன்றைக்கு ஓரங்கட்டிவிட்டு, சொட்டு மட்டும் விடலாம்.

ஆழமாக உறிஞ்சினால் நன்றாகச் சுத்தமாகும் என்ற நினைப்பு மருத்துவமனைகளிலும் இருந்தது. மூச்சுச் சிறுகுழாய் அழற்சியோடு அனுமதிக்கப்பட்ட குழந்தைகளைப் பற்றி அமெரிக்காவில் 2013-இல் வெளியான ஆய்வில், முதல் நாளில் குழாயை ஆழமாக விட்டு அதிகம் உறிஞ்சப்பட்டவர்கள் கூடுதல் நாள் தங்க நேர்ந்தது தெரிந்தது. மறுபுறம், நான்கு மணி நேரத்துக்கு மேல் உறிஞ்சாமலே விடப்பட்டவர்களும் அதிக நாள் தங்கினார்கள். அடுத்த ஆண்டு வந்த அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டுதலும் ஆழமாக உறிஞ்சுவதை வழக்கமாக்க வேண்டாம் என்ற பக்கமே நின்றது.

நம் வீடுகளில் இன்னொரு பழக்கம் உண்டு. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போது மூக்கில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, வாயால் ஊதிவிடுவார்கள். பாட்டிமார்களின் அக்கறையில் குறையில்லை, எண்ணெயில்தான் குறை. அது நுரையீரலில் இறங்கினால் இருமல் வராமலே தங்கி, ஒருவகை நிமோனியாவை உண்டாக்கும். உப்புநீருக்கு அந்த ஆபத்து இல்லை. கற்பூரம் சேர்ந்த தைலத்தை மூக்கருகே தடவுவதும், சாம்பிராணிப் புகை காட்டுவதும் குறுகிய மூச்சு வழியை மேலும் உறுத்தும்.

உப்புநீர் சளிக் காய்ச்சலைக் குணமாக்காது. பால் குடிக்கும் அந்தச் சில நிமிடங்களுக்கு வழி திறந்துவிடும், அவ்வளவுதான். ஆகவே குழந்தை அமைதியாக இருக்கும்போது சட்டையை விலக்கி, ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணிப் பார்க்க வேண்டும். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60-ம், அதற்கு மேல் ஒரு வயது வரை 50-ம் எட்டினால் அது மூக்கடைப்பு மட்டுமல்ல. விலாவுக்குக் கீழே குழிவது, மூக்குத் துவாரம் விரிந்து விரிந்து சுருங்குவது, உதடு நீலம் பாய்வது, மூச்சில் முனகல், வழக்கத்தில் பாதிகூடக் குடிக்காதது, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாதது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மூன்று மாதத்துக்குள் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காய்ச்சல் வந்தாலும் அப்படியே. சளியே இல்லாமல் பிறந்ததிலிருந்து பால் குடிக்கும்போது நீலமாகி, அழுதால் சிவந்துவிடும் குழந்தைக்கு மூக்கின் பின்வாசலே மூடியிருக்கலாம். அதைச் சொட்டு மருந்து திறக்காது.

பல்பை ஒவ்வொரு முறையும் சோப்பு கலந்த வெந்நீரில் அழுத்தி அழுத்திக் கழுவி, நல்ல தண்ணீரில் அலசி, முனை கீழே பார்க்கக் காய வைக்க வேண்டும். உள்ளே ஈரம் தங்கினால் பூசணம் பிடிக்கும், வெளியிலிருந்து அது தெரியாது. அதனால் இரண்டாகப் பிரித்துக் கழுவக்கூடிய வகை கிடைத்தால் அதையே வாங்கலாம்.