மீதி எப்போது உறுதி தரும்?

ஒரு மாறி கொண்ட கோவையொன்று x − 1 என்பதன் மடங்கா என்பதை வகுத்தல் தீர்த்துவிடும். மீதி சுழியமானால் மடங்கு, இல்லையேல் அன்று. எஸ்.டி.பி.எம். மாணவர் மீதித் தேற்றத்தின்வழி இதனை அறிவர். மாறிகள் இரண்டாகி, வகுக்கும் கோவைகளும் இரண்டாகும்போது இவ்வுறுதி குலைகிறது.

f₁ = x² − y, f₂ = xy − 1 என்க. இவற்றை எந்தக் கோவைகளாலும் பெருக்கிக் கூட்டிப் பெறும் கோவைகள் அனைத்தும் சேர்ந்ததே இவை பிறப்பிக்கும் சீர்மம். ஒரு கோவை அதன் உறுப்பா என்பதே வினா.

வகுத்தலுக்குமுன் தலையுறுப்பை வரையறுத்தல் வேண்டும். மொத்தப் படி மிக்க உறுப்பே தலையுறுப்பு. படி ஒத்திருந்தால் x-இன் அடுக்கு மிக்கதே முந்தும். எனவே இங்குத் தலையுறுப்புகள் x², xy ஆகும். எத்தலையுறுப்பாலும் வகுபடாத உறுப்புகள் மீதியில் சேரும்.

இப்போது g = x²y − x என்பதைச் சோதிப்போம். முதலில் f₁-ஐக் கொண்டு வகுத்தால், g − y·f₁ = y² − x. இது மேலும் வகுபடாது, மீதி சுழியமன்று. மாறாக f₂-இல் தொடங்கினால் g − x·f₂ = 0. ஆகவே g சீர்மத்தின் உறுப்பே. முதல் வழி நம்மைத் திசைதிருப்பியது. விதிகளின் வரிசை மாறினால் விளைவும் மாறுவதை மொழியியலாரும் அறிவர்.

சுழிய மீதி உறுப்பாண்மைக்குச் சான்றாகும். சுழியமல்லா மீதி அதன் மறுப்புக்குச் சான்றாகாது. இக்குறையை நீக்கும் வழியை 1965இல் இன்சுபுருக்குப் பல்கலைக்கழக முனைவர் பட்ட ஆய்வேட்டில் புருனோ புக்பெர்கர் அளித்தார். தம் நெறியாளர் வொல்ஃப்காங் குரோப்னரின் பெயரை அவ்வகை அடிக்கணத்திற்குச் சூட்டினார்.

இரு கோவைகளின் தலையுறுப்புகள் ஒன்றையொன்று நீக்குமாறு பெருக்கிக் கழிப்பதே அவ்வழி: y·f₁ − x·f₂ = x − y². இது சீர்மத்தில் உள்ளதாயினும் வகுபட மறுக்கிறது. ஆகவே குறியை மாற்றி f₃ = y² − x எனச் சேர்த்துக்கொள்கிறோம். மற்ற இணைகளையும் சோதிக்க வேண்டும். y·f₂ − x·f₃ = x² − y; அது f₁-ஏ ஆதலின் மீதி சுழியம். y²·f₁ − x²·f₃ = x³ − y³; இதனையும் வகுத்தால் சுழியமே எஞ்சும். புதிதாக எதுவும் எழாமையால் f₁, f₂, f₃ மூன்றும் குரோப்னர் அடிக்கணம். இனி எவ்வரிசையில் வகுத்தாலும் மீதி ஒன்றே. முன்னர் எஞ்சிய y² − x, f₃-ஆல் அழிகிறது.

h = x³ + y² எனும் கோவையைப் பார்ப்போம். x³ என்பது xy ஆகி, பின் 1 ஆகும். y² என்பது x ஆகும். மீதி x + 1, h உறுப்பன்று. இதனை வேறு வழியிலும் சரிபார்க்கலாம்: x = y = 1 எனில் f₁, f₂ இரண்டும் சுழியம்; h-இன் மதிப்போ 2. ஆனால் இச்சரிபார்ப்பு எப்போதும் போதாது. x − 1 அப்புள்ளியில் சுழியமே; எனினும் எத்தலையுறுப்பாலும் அது வகுபடாமையால் சீர்மத்திற்கு வெளியே நிற்கிறது.

தலையுறுப்பு வரன்முறையை மாற்றினால் அடிக்கணமும் மாறும். y-இன் அடுக்கையே முதலில் நோக்கினால் y − x², x³ − 1 என்னும் இரண்டே போதும். மீதியின் வடிவம் வேறுபடலாம். உறுப்பா அன்றா என்னும் தீர்ப்பு மாறாது.