கூரைக்குள் ஒரு மூடுபனி

பாரிஸின் நோத்ர தாம் தேவாலயத்தில் 2019 ஏப்ரல் 15 மாலை முதலில் எரிந்தது, ஈயத் தகடு வேய்ந்த கூரைக்கும் கல் விதானத்துக்கும் நடுவே நின்ற ஓக் மரச் சட்டகம். பெரும்பகுதி இடைக்கால மரம். அந்தப் பரணில் புகையை உணரும் கருவிகள் இருந்தன. தானாகத் தீயணைக்கும் ஏற்பாடு எதுவும் இல்லை. அலாரம் அடித்ததும் காவலர் வேறொரு பரணுக்குப் போய்ப் பார்த்ததில் சுமார் அரை மணி நேரம் வீணானது.

‘ஸ்பிரிங்க்ளர் வைத்திருக்கலாமே’ என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். நடுத்தர ஆபத்துள்ள கட்டடங்களில் ஒரு ஸ்பிரிங்க்ளர் தலை, 12 சதுர மீட்டர் பரப்பில் நிமிடத்துக்கு 60 லிட்டர் அளவில் கொட்டும். பத்துத் தலைகள் திறந்து அரை மணி நேரம் ஓடினால் 18,000 லிட்டர். நூற்றாண்டுகள் பழைய சுண்ணாம்புக்கல் வளைவுகளின் மேல் 18 டன் நீர்! ஸ்பிரிங்க்ளரின் மேல் வீண் பழி போடவும் கூடாது. சினிமாவில் காட்டுவதுபோல எல்லாத் தலைகளும் ஒன்றாகத் திறப்பதில்லை. சூடு பட்டு எதன் கண்ணாடிக் குமிழ் உடைகிறதோ அது மட்டுமே திறக்கும். தீயணைப்பு வீரர்களின் குழாய் இறைக்கும் நீரோடு ஒப்பிட்டால் அதன் சேதம் குறைவுதான். ஆனாலும் நனையக்கூடாத இடத்தில் அந்தக் குறைவே அதிகம்.

ஸ்பிரிங்க்ளர் நீரில் பெரும்பங்கு ஆவியாவதே இல்லை என்பதுதான் விஷயம். 30 டிகிரியில் உள்ள ஒரு லிட்டர் நீர் கொதிநிலைக்கு வர ஏறத்தாழ 290 கிலோஜூல் வெப்பம் போதும். அதே நீர் முழுதும் ஆவியாக மேலும் 2,257 கிலோஜூல் தேவை. தீயிலிருந்து வெப்பத்தைப் பிடுங்குவது ஆவியாதல்தான். நன்றாகப் பற்றி எரியும் ஒரு சோபா அளவுக்கு, அதாவது ஒரு மெகாவாட் வெப்பம் கக்கும் தீயை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு சொட்டும் ஆவியானால், அந்த வெப்பம் முழுவதையும் விழுங்க நிமிடத்துக்கு 24 லிட்டர் போதும். மீதி நீர் தரைக்கும் மரச்சாமானுக்கும்தான் போகிறது.

எல்லாச் சொட்டும் ஆவியாக வேண்டுமென்றால் சொட்டு சிறியதாக இருக்க வேண்டும். ஒரு லிட்டரை ஒரு மில்லிமீட்டர் துளிகளாக்கினால் அவற்றின் மொத்தப் பரப்பு 6 சதுர மீட்டர். அதில் பத்தில் ஒரு பங்கு விட்டமுள்ள துளிகளாக்கினால் 60 சதுர மீட்டர். விழும் வேகமும் மாறுகிறது. பெரிய துளி 10 மீட்டர் உயரத்திலிருந்து இரண்டரை வினாடியில் தரையைத் தொடும். சிறியது ஆவியாகாமல் தப்பினால் அரை நிமிடத்துக்கும் மேல் காற்றில் மிதந்து, தீ இழுக்கும் காற்றோடு சேர்ந்து தீக்குள்ளேயே போகும். அங்கே ஒரு லிட்டர் நீர் சுமார் 1,700 லிட்டர் நீராவியாகப் பருத்து, தீயைச் சுற்றியுள்ள ஆக்சிஜனை ஒதுக்கித் தள்ளுகிறது. இதுதான் வாட்டர் மிஸ்ட். உயர் அழுத்த வகையில் பம்பு சுமார் 100 பார் அழுத்தத்தில், அதாவது கார் டயரில் இருப்பதைப்போல் நாற்பது மடங்குக்கும் மேல், நீரை நுண்துளை நாசில்கள் வழியே தள்ளும்.

இந்த நுட்பம் வேகமாக வளர்ந்தது கப்பல்களில். 1990-இல் ‘ஸ்காண்டிநேவியன் ஸ்டார்’ கப்பல் தீயில் 159 பேர் இறந்தார்கள். அதன்பின் பயணிகள் கப்பல்களில் தானியங்கித் தீயணைப்பு கட்டாயமாக்கப்பட்டது. ஆனால் கப்பலின் மேல்தளங்களில் தடித்த குழாய்களின் பாரமும் தேங்கும் நீரின் பாரமும் ஏறினால் கப்பலின் நிலைப்புக்கே கேடு. மெல்லிய குழாய், குறைந்த நீர் என்ற வழி அங்கே பிடித்துக்கொண்டது.

நோத்ர தாமின் புதிய ஓக் சட்டகத்துக்கும் இப்போது மிஸ்ட் அமைப்பு பொருத்தியிருக்கிறார்கள். பரணின் பகுதிகளைப் பிரிக்கும் தீத்தடுப்புச் சுவர்களும் உண்டு. சுவர்களை நான் துணை ஏற்பாடாக நினைக்கவில்லை. மிஸ்ட்டுக்கு மூடிய இடம் வேண்டும். கூரை பொத்துக்கொண்டு காற்று உள்ளே பாய்ந்தால் துளிகள் தீயை நெருங்காமலே அடித்துப் போகப்படும். ஆகவே தீ கூரையைத் துளைக்கும் முன் இது வேலையைத் தொடங்க வேண்டும்.

விசித்திரமாக, தீ மிகச் சிறியதாக இருந்தாலும் சிக்கல். துளிகளை ஆவியாக்கப் போதிய சூடு இருக்காது, ஆக்சிஜனும் குறையாது. மரத்தின் உள்ளே கனன்றுகொண்டிருக்கும் நெருப்பையும் மேலோட்டமான ஈரம் எட்டாது. தொட்டி நீர் தீர்ந்ததும் அது மறுபடி பற்றலாம். வீரர்கள் மேலே ஏறி வரும்வரை தீயைக் கட்டிப்போடுவதே இதன் வேலை. ஓர் அறைக்கு வடிவமைத்ததை அப்படியே இன்னோர் இடத்தில் மாட்டவும் முடியாது. உயரம், எரியும் பொருள், காற்றோட்டம் எல்லாவற்றுக்கும் ஏற்ப நிஜத் தீ மூட்டிச் சோதித்த அமைப்பையே பொருத்துவார்கள்.

பராமரிப்பும் கறாரானது. நாசிலின் துளையை ஒரு துரும்புத் துரு அடைத்துவிடும் என்பதால் குழாய்கள் துருப்பிடிக்காத எஃகு, வழியெங்கும் வடிகட்டிகள். குழாயில் எப்போதும் நீர் நிற்கும் வகையில், அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் சின்ன பம்பு ஒன்று இருக்கும். தீயே இல்லாத நாளில் அது அடிக்கடி ஓடி ஓடி நின்றால், எங்கோ ஓர் இணைப்பு கசிகிறது என்று பராமரிப்பவர் அன்றே தேடத் தொடங்குவார்.