முதல் பையில் மண் கால் பங்குதான்

பொள்ளாச்சிப் பக்கத்து விவசாயி ஒருவர் மாடித் தோட்டத்துக்குச் சேனல் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் வீடியோவைப் பார்ப்பவர் மண்வெட்டியே பிடித்திராத நகரவாசி. அவருக்காகப் பேசும் அந்த மூன்று நிமிடத்தில் எதைச் சொல்வது, எதை அடுத்த வீடியோவுக்கு வைப்பது?

வயலில் பழகியவருக்கு வாய்க்கு முதலில் வருவது மண்தான். மாடியில் ஆபத்தும் அங்கேதான் தொடங்குகிறது. அதனால் பேச்சின் தொடக்கம் இப்படி இருப்பது நல்லது: "வணக்கமுங்க. செடியப் பத்திப் பேசறதுக்கு முன்னாடி உங்க மாடியப் பத்திப் பேசிக்கலாம். வயல்ல மண்ணு பூமி மேல கெடக்குது. இங்க உங்க தலைக்கு மேல கெடக்கப்போகுது."

இந்தப் பேச்சுக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. ஆட்கள் ஏறி நடமாடும் மாடிக்கு, ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ சுமை என்று வைத்துத்தான் இந்தியத் தர விதிகளின்படி வடிவமைக்கிறார்கள். 24 செ.மீ. அகலமும் 40 செ.மீ. உயரமும் உள்ள ஒரு பை ஏறத்தாழ 23 லிட்டர் கொள்ளும். அதை முழுக்க மண்ணால் நிரப்பித் தண்ணீர் விட்டால் 40 கிலோவை நெருங்கிவிடும். ஒரு சதுர மீட்டரில் அப்படி நான்கு பை வைத்தாலே 160 கிலோ. அளவு அங்கேயே தாண்டிவிட்டது.

அதே பையில் ஒரு பங்கு செம்மண், இரண்டு பங்கு தென்னை நார்க்கழிவு, ஒரு பங்கு மண்புழு உரம் என்று கலந்தால் எடை கிட்டத்தட்ட பாதியாகிவிடும். அப்படியும் பைகளை மாடியின் நடுவில் குவிக்காமல், கீழே சுவரும் பீமும் ஓடும் ஓரங்களில் வரிசையாக வைப்பதே பாதுகாப்பு. பழைய வீடாக இருந்தால் பை வாங்கும் முன் பொறியாளர் ஒருவரிடம் காட்டிவிட வேண்டும்.

அடுத்துக் கேமரா நார்க்கழிவுக் கட்டியின் பக்கம் போகலாம். செங்கல் போல இறுகிய கட்டியை வாளியில் போட்டுத் தண்ணீர் ஊற்றினால், அது பொலபொலவென்று உதிர்ந்து பல மடங்கு பொங்குவதைப் பார்வையாளர் தன் கண்ணால் பார்ப்பார். ஆனால் பொங்கியதை அப்படியே பையில் கொட்டிவிடக் கூடாது. நார்க்கழிவில் உப்பு இருக்கும். அதைக் கழுவாமல் போட்டால் செடி முளைத்துச் சில நாளில் இலையின் ஓரமும் நுனியும் தீய்ந்தது போலக் காயும். நோய் என்று நினைத்து மருந்து அடிப்பவர்கள் உண்டு. நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசிப் பிழிந்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது. கலவையைப் பையில் நிரப்பும்போது மேலே இரண்டு அங்குலம் காலியாக விட்டு, ஈரம் காயாமல் பத்து நாள் வைத்திருந்த பிறகு விதைக்கலாம்.

முதல் விதையாக வெண்டை எடுப்பது நல்லது. விதை பெரியது, நாற்று விட்டுப் பிடுங்கி நடும் வேலையும் இல்லை. இரவு ஊறவைத்து, பைக்கு இரண்டு விதையாக அரை அங்குல ஆழத்தில் ஊன்றினால் ஒரு வாரத்துக்குள் முளைத்துவிடும். பிறகு திடமான செடியை மட்டும் விட்டு மற்றதைக் கிள்ளிவிட வேண்டும். நல்ல வெயில் படும் இடத்தில் 45 முதல் 50 நாளில் காய் பறிக்கலாம். அதற்குப்பின் ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்க வேண்டும். நுனியை ஒடித்தால் 'டக்' என்று ஒடிவது பிஞ்சு, வளைந்து கொடுப்பது முற்றல்.

புதியவர்கள் அதிகம் சறுக்குவது தண்ணீரில். வயலில் வேருக்குக் கீழே எவ்வளவோ ஆழம் இருக்கிறது, பையில் ஒன்றேகால் அடிதான். தண்ணீர் குறைந்தாலும் இலை தொங்கும். அதிகமாகி வேர் அழுகினாலும் தொங்கும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருப்பதால், தொங்கிய செடிக்கு மேலும் ஊற்றிக் கொன்றுவிடுகிறார்கள். இங்கே அவர் பேச்சை நிறுத்தி, கேமராவுக்கு முன் விரலை இரண்டு கணு வரை மண்ணுக்குள் விட்டுக் காட்டலாம். "விரல்ல ஈரம் ஒட்டுச்சுன்னா இன்னிக்குத் தண்ணி வேண்டாமுங்க. காஞ்சிருந்தா அடி ஓட்டையில வடியற வரைக்கும் ஊத்துங்க."

வடியும் தண்ணீர் தளத்தில் தேங்கினால் கீழ்வீட்டுக் கூரையில் ஈரப்பூத்தல் வரும். பைக்கு அடியில் இரண்டு செங்கல் வைத்தால் தண்ணீர் ஓட வழி கிடைக்கும், தளமும் காயும்.

பூச்சி, பஞ்சகவ்யம், நிழல்வலை எல்லாம் அடுத்தடுத்த வீடியோக்களுக்கு. முதல் வீடியோ இந்த ஒரு வேலையோடு முடிந்தால் போதும்: "நார்க்கட்டிய இன்னிக்கே ஊறவெச்சு அலசிடுங்க. கலவைய நெரப்பிப் பத்து நாள் வெச்சிருங்க. வெண்டை வெதையோட நான் வர்றேனுங்க."