30 மீற்றர் என்றால் எவ்வளவு ஆழம்?

கோடை விடுமுறை முடிந்து வந்த எமது மாணவன் ஒருவனின் கைக்கடிகாரம் நின்று போயிருந்தது. கண்ணாடியின் உட்புறத்தில் பனி படர்ந்தது போன்ற மங்கல். அவனுடைய தாயார் இரவு வேலை செய்து சேமித்த பணத்தில் வாங்கிக் கொடுத்தது அது. பின்மூடியில் 30 மீற்றர் எனப் பொறிக்கப்பட்டிருந்தது. "ஆழமில்லாத தடாகத்திலேதான் நீந்தினேன், சேர்" என்றான். அவனில் பிழையில்லை, அவ்வெண்ணின் பொருளை எவரும் அவனுக்கு விளக்கவில்லை.

அவ்வெண் நாம் இறங்கத்தக்க ஆழம் அன்று. புதிய கடிகாரம் ஒன்று, அசையாத நிலையில், சிறிது நேரம் தாங்கவல்ல நீரழுத்தத்தின் அளவே அது. நீரைத் தடுப்பவை பின்மூடியின் ஓரத்திலும், முட்களைத் திருப்பும் திருகின் அடியிலும் உள்ள மெல்லிய இறப்பர் வளையங்கள். ஆண்டுகள் செல்ல அவை இறுகி வெடிக்கும். சவர்க்காரமும் சுடுநீரும் அவற்றை விரைவில் கெடுக்கும். திருகு சற்றே வெளியே இழுபட்டிருந்தாலும் நீர் புகும்.

ஆகவே 30 மீற்றர் என்பதைக் கைகழுவுவதற்கும் மழைத்தூறலுக்கும் போதுமானது எனக் கொள்க. நீந்துவோர் 100 மீற்றர் எனக் குறித்ததையே வாங்குதல் நன்று. மின்கலம் மாற்றும்போது வளையத்தையும் மாற்றித் தருமாறு கேட்க வேண்டும்.

அடுத்தது உள்ளியந்திரம். மின்கலத்தால் இயங்கும் கடிகாரத்தில் குவார்ட்ஸ் படிகம் ஒன்று செக்கனுக்கு 32,768 தடவை அதிர்ந்து நேரத்தை அளக்கிறது. மாதமொன்றில் ஏறத்தாழ 15 செக்கன்களே பிழைக்கும். சுருள்வில்லால் இயங்குவது ஒரே நாளில் அவ்வளவு பிழைக்கக்கூடும். கையசைவால் தானே முறுக்கேறும் வகையிற் பல, கழற்றி வைத்தால் ஏறக்குறைய 40 மணித்தியாலத்தில் நின்றுவிடும். வெள்ளி இரவு கழற்றினால் திங்கள் காலை பள்ளிக்குப் புறப்படுகையில் அது நின்றிருக்கும். மாணவருக்கு மின்கல வகையே ஏற்றது.

பட்டியையும் பயன்பாடு நோக்கியே தெரிக. தோற்பட்டி அழகானது, ஆனால் வியர்வையிலும் நீரிலும் ஊறி நாற்றமெடுத்து வெடிக்கும். உருக்குப்பட்டி நெடுங்காலம் உழைக்கும்; வளரும் பிள்ளையின் கைக்கேற்பக் கண்ணிகளைக் கழற்றவும் பூட்டவும் வேண்டும். நீந்தும் பிள்ளைக்கு இறப்பர் அல்லது நைலோன் பட்டி போதும்.

எமது மாணவனின் கடிகாரத்தைத் திருத்துநர் திறந்தபோது உள்ளே துரு ஏறியிருந்தது. மங்கல் தோன்றி மூன்று கிழமை கடந்துவிட்டது. மங்கலைக் கண்ட அன்றே கொண்டுவந்திருந்தால் உலர்த்திக் காப்பாற்றியிருக்கலாம் என்றார் அவர். அடுத்த கடிகாரத்தை வாங்கச் சென்றபோது, அவன் முதலில் அதன் பின்மூடியைத் திருப்பிப் பார்த்தானாம்.