பலகையில் 25 ரூபாய், கையில் 15 ரூபாய்: தக்காளிக்குக் கிலோவுக்கு நிற்பது எவ்வளவு?

காலையில் வாட்ஸ்அப்பில் மார்க்கெட் விலைப்பலகையின் படம் வருகிறது. ‘தக்காளி 280 – 350’ என்று இருக்கிறது. ஒட்டன்சத்திரம் போன்ற மொத்தச் சந்தைகளில் தக்காளி விலையைப் பெரும்பாலும் 14 கிலோ பெட்டிக்குத்தான் சொல்வார்கள். 350-ஐ 14-ஆல் வகுத்தால் கிலோ 25 ரூபாய். அந்த 25 ரூபாயை மனதில் வைத்து ஆள் கூப்பிட்டு, பறித்து, வண்டி ஏற்றிவிடுகிறோம். சாயங்காலம் கைக்கு வரும் பணம் அந்தக் கணக்கோடு ஒட்டுவதே இல்லை. எங்கே போனது என்று கேட்டால், பெரும்பாலானோர் கமிஷனைத்தான் கை காட்டுவார்கள். ஆனால் பலகைப் படத்தையும் செலவு நோட்டையும் பக்கத்தில் வைத்துக் கணக்குப் போட்டால், பணம் வேறு வழிகளிலும் போயிருப்பது தெரியவரும். எந்த வழியில் போனது என்று தெரிந்தால்தான் யாரிடம் என்ன கேட்பது என்றும் தெரியும்.

படத்தில் முதலில் பார்க்க வேண்டியவை

விலையைப் பார்ப்பதற்கு முன் தேதியைப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றும் படத்தில் அது உங்களுக்கு வந்த நாள்தான் தெரியும், எடுத்த நாள் தெரியாது. பலகையிலேயே எழுதிய தேதி படத்தில் விழுந்திருக்க வேண்டும். நீங்களே படம் எடுப்பதாக இருந்தால் தக்காளி வரியை மட்டும் எடுக்காமல், மேலே உள்ள தேதியும் தலைப்பும் சேர்ந்து வரும்படி முழுப் பலகையையும் எடுங்கள். சாக்பீஸ் எழுத்தில் 1-ம் 7-ம், 3-ம் 8-ம் குழப்பும். ஐயம் இருந்தால் பக்கத்துக் காயின் வரியில் அதே எண்ணை எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

அடுத்தது, விலை எந்த அளவுக்கு என்பது. ஒரே பலகையில் தக்காளி பெட்டிக்கும், வெங்காயம் கிலோவுக்கும், வேறொரு காய் மூட்டைக்கும் இருக்கலாம். மத்திய அரசின் அக்மார்க்நெட் தளத்தில் விலை 100 கிலோ கொண்ட குவிண்டாலுக்குப் போடப்படுகிறது. எதைப் பார்த்தாலும் முதலில் கிலோவுக்கு மாற்றிவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும்.

மூன்றாவது, இரண்டு எண்களுக்கு நடுவில் உள்ள தூரம். ‘280 – 350’ என்றால் எல்லாத் தக்காளியும் 350-க்குப் போனது என்று பொருள் இல்லை. ஒரே அளவான, கீறல் இல்லாத காய்தான் மேல் விலைக்குப் போயிருக்கும். உங்கள் சரக்கில் எத்தனை பெட்டி அந்தத் தரம் என்பதைப் பலகை சொல்லாது. அதைச் சொல்வது மண்டியில் தரும் பட்டியல்தான்.

ஒரு நாள் கணக்கு

ஒரு விவசாயி 40 பெட்டி அனுப்பினார் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 560 கிலோ. அவர் நோட்டில் இப்படி எழுதியிருக்கிறார்: பறிப்புக்கு 4 ஆள், ஆளுக்கு 350 ரூபாய். வண்டி வாடகை பெட்டிக்கு 20. இறக்குக் கூலி பெட்டிக்கு 5. கமிஷன் நூற்றுக்குப் பத்து. மண்டியில் கொடுத்த பட்டியலில் 25 பெட்டி 350-க்கும், 12 பெட்டி 280-க்கும் விற்றதாகவும், 3 பெட்டி கழிவு என்றும் இருக்கிறது.

விற்ற பணம் 12,110 ரூபாய். அதில் கமிஷன் 1,211, வண்டி வாடகை 800, இறக்குக் கூலி 200, பறிப்புக் கூலி 1,400. நான்கும் சேர்த்து 3,611 போக, மிச்சம் 8,499 ரூபாய்.

இதை எதனால் வகுப்பது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். விற்ற 37 பெட்டியின் எடையால் வகுத்தால் கிலோவுக்கு 16 ரூபாய்க்கு மேல் நின்றதாகத் தெரியும். அது தப்புக் கணக்கு. கழிவான மூன்று பெட்டிக்கும் பறிப்புக் கூலி கொடுத்தோம், வண்டி வாடகை கொடுத்தோம், அந்தக் காயும் அதே செடியில்தான் விளைந்தது. ஆகவே தோட்டத்திலிருந்து அனுப்பிய 560 கிலோவால்தான் வகுக்க வேண்டும். விடை 15 ரூபாய் 18 காசு.

பலகையில் பார்த்த 25 ரூபாய்க்கும் இதற்கும் வித்தியாசம் 9 ரூபாய் 82 காசு. அதைப் பிரித்துப் பார்த்தால், இரண்டாம் தரத்துக்கும் கழிவுக்கும் போனது 3 ரூபாய் 38 காசு. பறிப்புக்கு 2 ரூபாய் 50 காசு. கமிஷனுக்கு 2 ரூபாய் 16 காசு. வண்டிக்கு 1 ரூபாய் 43 காசு. இறக்குக்கு 36 காசுக்குக் கொஞ்சம் குறைவு. எல்லாரும் குறை சொல்லும் கமிஷன் இங்கே மூன்றாவது இடத்தில் இருக்கிறது. பணம் அதிகமாகப் போனது தரம் பிரிப்பதிலும் கழிவு என்று ஒதுக்குவதிலும்தான். விவசாயி கண்ணில் படாமல் நடப்பதும் அதுதான்.

பெட்டிக்குள் ஒளியும் எடை

இந்தக் கணக்கில் பெட்டிக்கு 14 கிலோ என்று எடுத்துக்கொண்டோம். உண்மையில் பெட்டியைக் கூம்பாக நிரப்பும் பழக்கம் பல தோட்டங்களில் இருக்கிறது. ஒரு பெட்டியில் 15 கிலோ போயிருந்தால், 40 பெட்டிக்கு 40 கிலோ காசில்லாமல் போய்விட்டது. அப்போது 8,499-ஐ 600-ஆல் வகுக்க வேண்டும். கிலோவுக்கு நின்றது 14 ரூபாய் 17 காசாக இறங்கிவிடும். ஒரு கிலோ கூடுதல் என்பது பார்க்கச் சின்னதாக இருந்தாலும், பறித்து ஏற்றும் ஒவ்வொரு முறையும் கிலோவுக்கு ஒரு ரூபாயைக் கொண்டுபோகிறது.

இதைக் கண்டுபிடிப்பது எளிது. பறிக்கும் நாளில் நாலைந்து பெட்டியை நிரப்பியபின் எடை போடுங்கள். காலிப் பெட்டியைத் தனியாக எடை போட்டுக் கழியுங்கள். சராசரியை நோட்டில் எழுதுங்கள். மண்டியில் எடைக்கு விற்றால், அங்கே காட்டிய எடையையும் இதன் பக்கத்தில் எழுதுங்கள். வண்டியில் போகும்போது ஈரம் வற்றிக் கொஞ்சம் குறைவது இயல்பு. ஆனால் அந்தக் குறைவு நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போனாலோ, ஒரு மண்டியில் மட்டும் அதிகமாக இருந்தாலோ, தராசைப் பற்றிக் கேட்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று பொருள்.

மிச்சமா, லாபமா?

15 ரூபாய் 18 காசு என்பது அன்றைய மிச்சம். அது இன்னும் லாபம் ஆகவில்லை. உழவு, நாற்று, உரம், மருந்து, குச்சி கட்டியது, களை, தண்ணீர் எல்லாம் சேர்த்து ஒரு ஏக்கருக்கு 72,000 ரூபாய் ஆனது என்றும், மொத்தம் 9,000 கிலோ அனுப்ப முடியும் என்றும் வைத்துக்கொண்டால், சாகுபடிச் செலவு கிலோவுக்கு 8 ரூபாய். லாபம் சுமார் 7 ரூபாய். நோய் விழுந்து 6,000 கிலோதான் வந்தது என்றால் அதே சாகுபடிச் செலவு கிலோவுக்கு 12 ரூபாய் ஆகிவிடும், லாபம் 3 ரூபாய்க்குச் சுருங்கும். அதனால் லாபக் கணக்கைக் கடைசிப் பறிப்பு முடிந்த பிறகுதான் முடிக்க முடியும்.

ஆனால் ‘இன்றைக்குப் பறிக்கலாமா?’ என்ற கேள்விக்குச் சாகுபடிச் செலவைச் சேர்க்கக் கூடாது. அந்தப் பணம் ஏற்கெனவே போய்விட்டது. பறித்தாலும் பறிக்காவிட்டாலும் அது திரும்பாது. இனிமேல் ஆகும் செலவை மட்டும் பார்க்க வேண்டும். நம் உதாரணத்தில் பறிப்பு, வண்டி, இறக்கு மூன்றும் சேர்த்துப் பெட்டிக்கு 60 ரூபாய். கமிஷனையும் கழிவையும் கணக்கில் எடுத்தால், விற்ற பெட்டிக்குச் சராசரி 72 ரூபாயாவது கிடைத்தால்தான் இந்தச் செலவு கட்டும். அதற்குக் கீழே போனால் பறித்து அனுப்புவதே கூடுதல் நஷ்டம். உங்கள் ஊர்க் கூலிக்கும் வாடகைக்கும் இந்த எண்ணை ஒருமுறை கண்டுபிடித்து நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவைத்துக்கொண்டால், விலை சரிந்த நாளில் பலகைப் படத்தைப் பார்த்தவுடனே முடிவெடுத்துவிடலாம்.

கேட்க வேண்டியதும், கேட்க வேண்டிய இடமும்

முதலாவது, பட்டியல். மொத்தத் தொகையை மட்டும் எழுதிய துண்டுச்சீட்டில் எந்தக் கணக்கும் போட முடியாது. எத்தனை பெட்டி என்ன விலைக்குப் போனது, கழிவு எவ்வளவு, எந்தப் பிடித்தம் எதற்கு என்று தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். சண்டை போட வேண்டியதில்லை. “அண்ணே, பட்டியல்ல மூணு பெட்டி கழிவுன்னு போட்டிருக்கீங்க. அந்தக் காயைக் கொஞ்சம் காட்டுங்க” என்று கேட்டாலே போதும். நேரில் போக முடியாவிட்டால் கழிவின் படத்தை அனுப்பச் சொல்லலாம். கழிவு என்று ஒதுக்கியதை விலை குறைத்து விற்றிருந்தால் அந்தப் பணமும் உங்கள் பட்டியலில் வர வேண்டும்.

இரண்டாவது, தராசு. வியாபாரத்துக்குப் பயன்படுத்தும் தராசு அரசு முத்திரையிட்டதாக இருக்க வேண்டும் என்பது 2009-ம் ஆண்டு சட்டமுறை எடையளவுச் சட்டத்தின் விதி. தமிழ்நாட்டில் இதைச் செயல்படுத்துவது தொழிலாளர் துறை. முத்திரை இல்லாத, காலம் கடந்த, அல்லது எடையில் ஐயம் உள்ள தராசைப் பற்றி மாவட்டத்தில் உள்ள தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் எழுத்தில் புகார் தரலாம். தோட்டத்து எடையும் மண்டி எடையும் தேதிவாரியாக எழுதிய நோட்டு இருந்தால் புகாருக்கு வலு கூடும்.

மூன்றாவது, கமிஷன். காய்கறி பெரும்பாலும் தனியார் கமிஷன் மண்டி வழியாகத்தான் போகிறது. அரசின் ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களில் விவசாயியிடம் கமிஷன் பிடிப்பதில்லை. அங்கே சந்தைக் கட்டணத்தைக் கட்டுவது வாங்கும் வியாபாரி. மஞ்சள், நிலக்கடலை, கொப்பரை போன்றவற்றுக்கு அந்த வழி உண்டு. அங்கே ஏதாவது பிடித்தம் செய்தால் விற்பனைக்குழுச் செயலாளரிடம் முறையிடலாம்.

காய்கறிக்கு உழவர் சந்தை இருக்கிறது. 1999-ல் மதுரையில் தொடங்கிய இந்தத் திட்டத்தில் அடையாள அட்டை உள்ள விவசாயி கமிஷன் இல்லாமல் நேரடியாக விற்கலாம், கடைக்கு வாடகையும் இல்லை. விலையும் மொத்த விலையைவிடக் கூடுதலாகவே கிடைக்கும். ஆனால் 560 கிலோவை ஒரே காலையில் அங்கே சில்லறையாக விற்றுத் தீர்க்க முடியாது, ஒரு ஆள் அங்கேயே உட்காரவும் வேண்டும். அந்த ஆள் கூலியையும் மீந்துபோகும் காயையும் சேர்த்து, அனுப்பிய கிலோவால் வகுத்துப் பாருங்கள். சரக்கில் ஒரு பகுதியை மட்டும் அங்கே கொண்டுபோவது பல குடும்பங்களுக்குக் கட்டுப்படியாகும்.

மண்டியில் முன்பணம் வாங்கியவர்கள் இன்னொன்றும் செய்ய வேண்டும். முன்பணம் வாங்கிய மண்டிக்கே சரக்கைப் போட வேண்டியிருப்பதால் விலை பேசும் வலு குறைந்துவிடும். அதே நாள் பலகைப் படத்தையும் உங்கள் பட்டியலையும் பக்கத்தில் வைத்து, உங்களுக்குக் கிடைத்த சராசரி மற்றவர்களுடையதைவிட எப்போதும் ஒன்றிரண்டு ரூபாய் குறைகிறதா என்று பாருங்கள். குறைந்தால், அந்த முன்பணத்துக்கு நீங்கள் கட்டும் வட்டி அதுதான். அதை ஒரு பருவத்துக்கு மொத்தமாகக் கூட்டி, கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடனின் வட்டியோடு ஒப்பிட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

தனியாகக் கேட்டுத் தீராதவற்றுக்கு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டம் இருக்கிறது. அங்கே ‘விலை கிடைக்கவில்லை’ என்று பொதுவாகச் சொன்னால் மனு ஒரு துறையிலிருந்து இன்னொரு துறைக்குப் போய்க்கொண்டிருக்கும். அதற்குப் பதிலாக, பலகைப் படம், பட்டியல், தோட்டத்து எடை மூன்றும் தேதிவாரியாக இணைந்த ஒரு மாத நோட்டைக் கொடுத்து, ‘எடையில் இவ்வளவு, கழிவில் இவ்வளவு’ என்று எழுதிக் கேளுங்கள். பக்கத்துத் தோட்டக்காரர்கள் நாலைந்து பேரின் நோட்டும் அதையே சொன்னால், எந்தத் துறை பதில் சொல்ல வேண்டும் என்பது அந்தக் கூட்டத்திலேயே முடிவாகிவிடும்.