சென்னைக்கு என்று தட்டினால் ஏன் 'வந்தார்'?

கைப்பேசியில் ஒரு சொல்லைத் தட்டி முடித்ததும் விசைப்பலகைக்கு மேலே மூன்று சொற்கள் தலைகாட்டும். நாம் அடுத்து எழுதப்போவது இதுவாக இருக்கலாம் என்ற ஊகம் அது. இந்த ஊகத்துக்குப் பயன்படும் முறைகளில் ஒன்று எல்.எஸ்.டி.எம். செப் ஹோக்ரைட்டர், யூர்கன் ஷ்மிடுபர் இருவரும் 1997-இல் வெளியிட்டது. வாக்கியத்தைச் சொல் சொல்லாக வாங்கி, எதை நினைவில் வைப்பது, எதை விடுவது என்று ஒவ்வொரு சொல்லுக்கும் தீர்மானித்து, கடைசியில் தன் பட்டியலிலுள்ள எல்லாச் சொற்களுக்கும் மதிப்பெண் போடும். அதிக மதிப்பெண் பெற்ற மூன்று சொற்கள் திரைக்கு வரும்.

அதைப் பழக்க லட்சக்கணக்கான வாக்கியங்கள் வேண்டும். தமிழில் சுலபமாகத் திரட்ட முடிவது செய்திதான். அதனால் 'செய்தியாளர்களிடம்' என்றால் 'கூறினார்' என்று பட்டென்று சொல்லும். 'சாப்டியா' என்றால் விழிக்கும். இது எல்லோர் கண்ணிலும் படுகிற குறை. படாத குறை ஒன்று உண்டு: ஒற்று.

செய்தியில் 'சென்னைக்குச் சென்றார்', 'சென்னைக்குப் புறப்பட்டார்', 'சென்னைக்குத் திரும்பினார்', 'சென்னைக்குக் கிளம்பினார்', 'சென்னைக்கு வந்தார்' என்று வரும். நமக்கு ஒரே சொல், கணினிக்கு ஐந்து. கூகுள் தன் ஆங்கில விசைப்பலகைக்காக 2018-இல் விவரித்த மாதிரியின் பட்டியலில் மொத்தமே 10,000 சொற்கள். அந்த அளவுப் பட்டியலில் ஓர் ஊர்ப்பெயரின் ஒரு வேற்றுமைக்கே ஐந்து இடம் போனால் தாங்குமா?

இடம் போவதைவிடப் பெரிய கோளாறு, ஒற்று விடையைக் காட்டிக்கொடுப்பது. 'சென்னைக்குச்' என்று பார்த்தாலே அடுத்தது சகர வரிசைச் சொல் என்று தெரிந்துவிடும். ஒதுக்கி வைத்த செய்திகளைக் கொண்டு சோதித்தால் மாதிரி நல்ல மதிப்பெண் வாங்கும், செய்தவரும் மகிழ்ந்துபோவார். ஆனால் கைப்பேசியில் நாம் அடுத்த சொல்லை யோசிக்குமுன் 'சென்னைக்கு' என்று மட்டும்தானே தட்டுகிறோம்? ஒற்றில்லாத அந்த வடிவத்துக்குப் பின் மாதிரி படித்ததெல்லாம் 'வந்தார்', 'வரும்', 'மாற்றப்பட்டார்' போன்றவைதாம். ஆகவே 'சென்றார்', 'போகிறேன்' எல்லாம் அடியில் தங்கிவிடும்.

தீர்வு கடினமல்ல. பழக்கும் முன்பே சொல்லின் கடைசியில் உள்ள க், ச், த், ப் ஒற்றுகளை நீக்கிவிட வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு நீக்கினால் 'பேஸ்புக் கணக்கு' என்பது 'பேஸ்பு கணக்கு' ஆகிவிடும். எனவே, அடுத்த சொல் அதே மெய்யில் தொடங்க வேண்டும், ஒற்று போன வடிவமும் தனிச்சொல்லாகச் செய்தியில் இருக்க வேண்டும் என்று இரண்டு நிபந்தனை போதும். 'சென்னைக்கு' தேறும், 'பேஸ்பு' தேறாது. பயனர் 'சென்றார்' என்பதைத் தொட்டதும் விசைப்பலகையே பின்னால் போய் 'ச்' சேர்த்துவிடலாம். இலக்கணப் பிழையும் குறையும்.

உங்கள் கைப்பேசியை நீங்களே சோதிக்கலாம். 'வீட்டுக்கு' என்று தட்டி இடைவெளி விடுங்கள். இன்னும் சில ஊர்ப்பெயர்களையும் இப்படியே போட்டுப் பாருங்கள். க, ச, த, ப வரிசைச் சொற்கள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்றால், யாரோ ஒற்றை நீக்காமல் பழக்கியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம்.